முதலைக்கு மூச்சு வாங்காது

ஃபேர்லேண்ட்ஸில் எங்களுக்குத் திசை சொல்வது மலைதான். ஏற்காடு தெரிகிற பக்கத்தை வடக்கு என்று வைத்துக்கொண்டு, வீடு கட்டுவதிலிருந்து வண்டியைத் திருப்புவது வரை எல்லாவற்றையும் முடித்துவிடுவோம். கடலுக்குப் போக நாலைந்து மணி நேரமாகும் ஊரில் இதற்கு மேல் திசையறிவு தேவைப்பட்டதில்லை. அப்படிப்பட்ட நான் கோவாவில் 70.3 டிரையத்லானுக்குப் பணம் கட்டியபோது, வீட்டில் எல்லோரும் சைக்கிளைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். சைக்கிள் 90 கிலோமீட்டர், ஓட்டம் 21 கிலோமீட்டர், நீச்சல் வெறும் 1.9. அது சின்ன எண்ணாக இருந்ததால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

25 மீட்டர் குளத்தில் 1.9 கிலோமீட்டர் என்பது 76 நீளம். அதாவது 75 முறை சுவரை உதைக்கலாம், ஒவ்வொரு உதைக்கும் சில மீட்டர் இலவசம். அடியில் கறுப்புக் கோடு போட்டு ‘இப்படிப் போப்பா’ என்று வழி வேறு காட்டியிருப்பார்கள். கடலில் கோடும் கிடையாது, சுவரும் கிடையாது. தூரத்தில் ஆடிக்கொண்டிருக்கும் மிதவைதான் எல்லாம். அதை நீங்களாகத் தலை தூக்கித் தேட வேண்டும்.

தேடாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் குளத்திலேயே பார்த்துவிடலாம். கூட்டமில்லாத நேரத்தில், பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்துவிட்டு, கண்ணை மூடிப் பன்னிரண்டு வீச்சு நீந்திப் பாருங்கள். எந்தப் பக்கத்துக் கயிற்றில் இடிக்கிறீர்களோ அதுதான் உங்கள் கோணல். ஒரே பக்கம் மூச்சு எடுப்பவர்களுக்கு இது அனேகமாக நிச்சயம். நான் வலப்பக்கத்து ஆள். பத்து டிகிரி கோணலில் 100 மீட்டர் போனால் 17 மீட்டர் தள்ளிப் போயிருப்போம். அதைத் திரும்ப நீந்த வேண்டும், அந்தத் தூரத்துக்குப் பதக்கம் தருவதில்லை.

பயிற்சியாளர் சொன்ன மருந்துக்குப் பெயர் ‘முதலைக் கண்’. முன்னே நீட்டிய கை தண்ணீரை அழுத்தும் நேரத்தில் கண்ணை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவர வேண்டும். மூக்கும் வாயும் தண்ணீரிலேயே இருக்கட்டும். பார்த்த கையோடு முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, மூச்சை அங்கே எடுக்க வேண்டும். முன்னே பார்த்தபடியே மூச்சு எடுக்கப் போனால் அலை நேராக வாய்க்குள் வரும். ஏழெட்டு வீச்சுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

கேட்க எளிது. காவிரி மேலே ஒகேனக்கல் பக்கம் நிஜ முதலைகள் இருப்பதால், ‘முதலை மாதிரி நீந்தப் பழகுகிறேன்’ என்றதும் அம்மா ஆற்றுப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டாள். எனவே ராசிபுரத்துப் பக்கம் தாய்மாமன் தோட்டத்துக் கிணறு. அடி தெரியாத கரும்பச்சைத் தண்ணீர், இறங்கின நொடியே வயிற்றைப் பிசையும். பயத்துக்குப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. மாமா ஒரு ஆரஞ்சு பிளாஸ்டிக் குடத்தின் வாயை அடைத்து, கயிறு கட்டி, எதிர்மூலையில் மிதக்கவிட்டார். இன்னொரு கயிற்றோடு படியிலேயே உட்கார்ந்துகொண்டார். தனியாக இறங்கக் கூடாது என்பதில் பயிற்சியாளரும் அவரும் ஒரே கட்சி.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாமா கேட்டார்: “ஏனுங்க மாப்ள, குடம் எங்கேயும் ஓடிப் போகாதுங்க. எதுக்கு நெஞ்சு வரைக்கும் எந்திரிக்கிறீங்க?”

“பார்க்கணுமே மாமா.”

“முதலை பார்க்கறப்போ எந்திரிக்குமா? அதுக்கு மூச்சு வாங்கிப் பார்த்திருக்கீங்களா?”

பயிற்சியாளர் ஒரு மாதமாகச் சொன்னது மாமா கேட்டதும்தான் விளங்கியது. தலை ஏறினால் இடுப்பு இறங்கும். இடுப்பு இறங்கினால் கால் மூழ்கும். காலை மேலே கொண்டுவர உதைத்து உதைத்து மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் பயம் வரும். பயம் வந்தவன் முதலில் செய்வது தலையைத் தூக்குவதுதான். மிதவை பார்ப்பதும் பீதியும் தனித்தனிப் பாடம் என்று இரண்டு நோட்டுப் போட்டு வைத்திருந்தேன், ஒரு நோட்டே போதும்.

இன்னொன்றும் உண்டு. ஒரே பார்வையில் எல்லாம் தெரிய வேண்டியதில்லை. முதல் பார்வைக்கு ஏதோ நிறம் தெரியும், இரண்டாவதற்கு அது மிதவையா இன்னொருத்தர் தொப்பியா என்று தெரியும், மூன்றாவதற்குத் திசை சரியாகும். அலை மேலே ஏறும்போது பார்த்தால்தான் அதுவும். பள்ளத்தில் பார்த்தால் தண்ணீர்ச் சுவர்தான் தெரியும். மிதவை சின்னது, மறையும். அதற்குப் பின்னால் பெரிதாக, அசையாததாக ஒன்றைப் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர்க்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோவாவில் போட்டி நடந்த மிராமர் கடற்கரை மேற்குப் பார்த்தது. போட்டிக்கு முந்தின நாள் காலை, நீச்சல் நேரத்திலேயே மணலில் நின்று பார்த்தேன். உள்ளே போகும்போது சூரியன் முதுகில் இருக்கும், ஆனால் முன்னே தொடுவானத்தைத் தவிர ஒன்றுமில்லை. வடமேற்கே மாண்டவி முகத்துவாரத்துக்கு அப்பால் அகுவாடா முனை. திரும்பி வரும்போது கரை கிழக்கே, சூரியன் நேராகக் கண்ணில். அந்த நேரத்தில் மிதவை கண்ணிலேயே படாது. அதனால் கறுப்புக் கண்ணாடி, கூடவே கரையில் உயரமான ஒரு கட்டடம். அது யார் கட்டியதோ, அன்றைக்கு எனக்கு அது ஏற்காடு.

இத்தனை தெரிந்தும் போட்டியன்று பீதி வந்தது. முதல் இருநூறு மீட்டருக்குள்தான் அனேகமாக எல்லோருக்கும் வருகிறது. நெஞ்சு துடிக்கும் வேகத்தோடு உடம்பும் ஓட ஆரம்பிக்கும், யாரோ ஒருவருடைய குதிகால் கண்ணாடியைத் தட்டும், அவ்வளவுதான். மார்பு இறுகி, காற்றே இல்லை என்று தோன்றும். உண்மையில் காற்று அதிகமாக உள்ளே இருக்கிறது. பயந்தவன் மூச்சை இழுத்துக்கொண்டே இருப்பான், விட மாட்டான். வெளியேறாத கரியமில வாயுதான் ‘மூச்சு முட்டுகிறது’ என்று கத்தவைக்கிறது. எனவே மருந்து மூச்சை விடுவதில் இருக்கிறது. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது, கதை கேட்கும் குழந்தைபோல ‘ம்ம்ம்’ என்று உம் கொட்டிக்கொண்டே இருந்தால் காற்று தானாக வெளியேறும். கடல் சொன்ன கதைக்கு நான் சத்தமாகவே உம் கொட்டினேன்.

அதுவும் போதாதபோது மல்லாந்து படுத்தேன். உப்புத் தண்ணீர் தாங்கும். பத்துப் பதினைந்து மூச்சு வானத்தைப் பார்த்து விட்டுவிட்டு, கொஞ்சம் தவளை நீச்சல், பிறகு பழைய நீச்சல். காவலுக்கு நிற்கும் கயாக்கைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறவும் விதி இடம் தருகிறது. பிடித்தபடி முன்னேறக் கூடாது, அவ்வளவே. நீச்சலுக்கு 70 நிமிடம் கொடுக்கிறார்கள், இரண்டு நிமிடம் படகைக் கட்டிக்கொண்டால் குடி முழுகிப் போகாது.

இதில் விளையாட்டுக்கு இடமில்லாத ஒரு இடம் உண்டு. டிரையத்லானில் நேரும் மரணங்களில் பெரும்பகுதி நீச்சலில்தான் நேர்கின்றன. பீதி என்றால் மல்லாந்து படுத்த சில நிமிடங்களில் தணிய வேண்டும். தணியாமல் இருமல் வந்தாலோ, சளி இளஞ்சிவப்பாக நுரைத்தாலோ, நெஞ்சு வலித்தாலோ அது பீதி இல்லை. கையை உயர்த்திப் படகைக் கூப்பிட்டு ஏறிவிட வேண்டும். பந்தயம் அடுத்த வருடமும் வரும்.

எனக்கு அவை எதுவும் வரவில்லை. தணிந்ததும் கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தேன், கட்டடம் இருந்தது. கரை ஏறி வீட்டுக்கு ஃபோன் செய்ய நேரமில்லை, சைக்கிள் காத்திருந்தது. மாலையில் மாமாதான் கூப்பிட்டார்.

“கடல் எப்படிங்க மாப்ள?”

“கிணறு மாதிரிதான் மாமா. படிதான் இல்லை.”

“அப்போ குடத்தை அவுத்துறட்டுங்களா? அத்தை தண்ணி புடிக்கக் கேட்டுட்டே இருக்குறா.”