தண்ணீரே காணாத கார்கள்

2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு பொங்கி முடிச்சூரும் வரதராஜபுரமும் முங்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து புறநகரை மறுபடி மிதக்கவிட்டது. இத்தனைக்கும் எங்கள் பக்கத்து யார்டில் நிற்கும் பழைய கார் ஒன்றுகூடத் தண்ணீரைக் கண்டதில்லை. இந்த அதிசயத்தை நடத்துகிற புரோக்கர் அண்ணனைப் புகழாமல் இருந்தால் என் பேனாவுக்குத்தான் பாவம்.

போன வருஷம் நண்பருக்காக ஒரு வெள்ளைக் காரைப் பார்க்கப் போனோம். 2019 ஜனவரி வண்டி, பெட்ரோல், சிங்கிள் ஓனர். "டாக்டர் ஓட்டின வண்டி சார், கிளினிக்குக்கும் கோயிலுக்கும்தான் போகும்" என்றார். கதவைத் திறந்ததும் கல்யாண மண்டபம் போல மணந்தது. பூஞ்சை வாடை நம் மூக்கை உறுத்தக் கூடாதே என்று எவ்வளவு கரிசனம்! தரைக் கார்பெட் புதுசு, சீட் கவர் புதுசு. எல்லாவற்றையும் அவரே துடைத்துவிட்டால் வாங்குகிறவனுக்கு என்ன வேலை என்று சிலதை விட்டும் வைத்திருந்தார். சீட் பெல்ட்டைக் கடைசி முழம் வரை இழுத்தால், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் ஒரே மட்டத்தில் காவிக்கோடு. சீட்டுக்கு அடியில் போல்ட்டுகளில் துரு. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால், அந்தக் குழியின் ஓரத்தில் மாவு போல வண்டல்.

டயர் விஷயத்தில் அவர் கர்ணன். நாலும் புதுசு. பக்கவாட்டில் DOT எழுத்துகளின் முடிவில் 3124 என்றிருந்தது. அதாவது 2024-இல் 31-ஆவது வாரம் செய்தது. பழைய டயர் இருந்திருந்தால், உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து அலைன்மென்ட் கெட்டதையோ, அடிவாங்கிச் சட்டம் வளைந்ததையோ சந்தேகப்பட்டிருப்போம். அந்த மனக்கஷ்டத்தை நமக்கு வைக்கவில்லை.

இன்ஜின் மேல் அவருக்குத் தாய்ப்பாசம். நாங்கள் போவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்; பானெட்டில் கை வைத்தால் தோசைக்கல். சூடான இன்ஜின் எல்லா இன்ஜினையும் போலத்தான் பாடும். ராத்திரி முழுக்க ஆறின பிறகு முதல் ஸ்டார்ட்டில்தான் அதன் உண்மைக் குரல் வரும். வெள்ளத்தில் ஓட்டி சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். அதை ஒப்பேற்றி மாட்டின இன்ஜின் ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து வேகமெடுக்கும் ஒரு 'டொக் டொக்'கில் பேசும். அது கேட்டுவிடக் கூடாதென்றோ என்னவோ, பாட்டையும் சத்தமாக வைத்திருந்தார்.

விபத்து அடையாளம் தேடிக் கதவோர ரப்பர் பீடிங்கை உரித்துப் பார்த்தேன். கம்பெனியில் வைத்த ஸ்பாட் வெல்டுகள் சின்னச் சின்னக் குழிகளாக வரிசையாக இருந்தன. டிங்கரிங் பார்த்த இடத்தில் அவை பட்டிக்குள் மறைந்துவிடும். ஆக வண்டி மோதவில்லை. குளித்தது மட்டும்தான்.

அண்ணனின் கலை உச்சம் தொடுவது காகிதத்தில். சர்வீஸ் புக் "வீடு மாறினப்ப தொலைஞ்சிருச்சு." சரி, இன்சூரன்ஸ் பாலிசியைக் கேட்டேன், தயங்காமல் நீட்டினார். யாரும் படிக்க மாட்டார்கள் என்று மக்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை. கிளெய்ம் வாங்காத ஒவ்வொரு வருஷத்துக்கும் நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45 என்று ஏறி, ஐந்து வருஷத்தில் 50 சதவீதத்தில் நிற்கும். ஆறு வருஷம் ஒரே ஓனர் வைத்திருந்த வண்டிக்கு 2025 ஜனவரிப் பாலிசியில் 20 சதவீதம்தான். பின்னோக்கி எண்ணினால் கிளெய்ம் விழுந்தது 2023-ஆம் வருஷப் பாலிசியில். அந்த வருஷம்தான் மிக்ஜாம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காமல் விட்டாலும் போனஸ் போய்விடும், ஓனர் மாறினாலும் சுழியிலிருந்துதான் தொடங்கும். அதனால் இது மட்டுமே சாட்சி ஆகாது. ஆனால் பெல்ட்டின் காவிக்கோடும் கூட நின்றதே!

பெயர் மாற்றத்திலும் தாராளம். ஓனர் கையெழுத்துப் போட்ட 29, 30-ஆம் படிவங்கள், வாங்குகிறவர் பெயர் வெற்றாக, ஒரு கட்டே வைத்திருந்தார். "அவசரமில்ல சார், எப்ப வேணா மாத்திக்கலாம்" என்றார். சட்டம் வாங்குகிறவருக்கு 30 நாள் தருகிறது. அண்ணன் ஆயுசையே தந்துவிட்டார். அதுவரை வண்டி இடித்தால் கோர்ட்டுக்கு ஓடும் பாக்கியம் ஆர்.சி.யில் பெயர் உள்ள டாக்டருக்கு. ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இன்னும் நீங்காததையும், அதற்கு 35-ஆம் படிவமும் வங்கியின் என்.ஓ.சி.யும் வேண்டியதையும் அவர் அடக்கத்தால் சொல்லவில்லை.

"காலையில் வண்டி ஆறியிருக்கும்போது சேலையூர் மெக்கானிக்கைக் கூட்டிவருகிறோம்" என்றார் நண்பர். அண்ணன் முகத்தில் அப்படியொரு கவலை. பத்தாயிரம் அட்வான்ஸோடு பெருங்களத்தூரிலிருந்து வேறு பார்ட்டி கிளம்பிவிட்டாராம். எங்களுக்கு வண்டி கைநழுவிப் போய்விடுமே என்றுதான் வருத்தமாம். அடுத்த வாரமும் அந்த வண்டி அங்கேயே நின்றது. பெருங்களத்தூரில் டிராஃபிக் அப்படி.