என் பெயரில் இல்லாத என் டொமைன்

டொமைன் விற்கும் கம்பெனிக்கு எழுதும் கடிதத்தில் ஒருவர் தன் அப்பாவைப் பற்றி எவ்வளவு எழுதலாம்? என் முதல் வரைவில் ஒரு முழுப் பத்தி இருந்தது. அவர் நல்லாசிரியர் விருது வாங்கியது வரை சொல்லியிருந்தேன். எதிர்முனையில் அதைப் படிக்கப்போகிறவர் எந்த நாட்டிலோ ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்திருக்கும் ஊழியர் என்பது எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு வேண்டியது என் பரம்பரைப் பெருமை அல்ல, ஒரு எழுத்துக்கு விளக்கம்.

விஷயம் இதுதான். என் கட்டுரைகளைப் போட்டுவைக்க 2009-இல் ஒரு .com பெயரை வாங்கினேன். கணக்குத் தொடங்க, வீட்டு பிராட்பேண்ட் இணைப்போடு இலவசமாகக் கொடுத்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தேன். பிறகு வீடு மாறினோம், இணைப்பைத் துண்டித்தேன், அதோடு அந்த அஞ்சல்பெட்டியும் போயிற்று. கணக்கில் பதிந்திருந்த கார்டிலிருந்து வருடாவருடம் பணம் தானாகப் போய்க்கொண்டிருந்ததால் எதுவும் தெரியவில்லை. கார்டு காலாவதியாகிப் புதுக் கார்டு வந்தபோதுதான் சங்கிலி அறுந்தது. பணம் பிடிக்க முடியவில்லை என்று கம்பெனி எச்சரிக்கை அனுப்பியிருக்கும், நிச்சயம். காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்று இத்தகைய கம்பெனிகளை ஐகான் அமைப்பின் விதி கட்டாயப்படுத்துகிறது. அனுப்பினால் போதும், அது செத்துப்போன முகவரியில் போய் விழுந்தால் அதற்கு விதி பொறுப்பல்ல.

கடவுச்சொல் மறந்துவிட்டது என்ற பொத்தானை அழுத்தினேன். புதுக் கடவுச்சொல்லுக்கான இணைப்பை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று திரை சொன்னது. எந்த மின்னஞ்சலுக்கு என்று கேட்க வேண்டியதில்லை.

அடுத்து நான் செய்தது, கோபமாக ஒரு கடிதம் எழுதி, தவறான கம்பெனிக்கு அனுப்பியது. பணம் வாங்கியவர்தானே பொறுப்பு என்று, அன்று இணைய இடமும் டொமைனும் சேர்த்து விற்ற உள்ளூர்க்காரருக்கு எழுதினேன். அவர் வெறும் மறுவிற்பனையாளர். அந்தத் தொழிலையே விட்டுவிட்டிருந்தார். உண்மையான ரெஜிஸ்ட்ரார் யார் என்று தெரிந்துகொள்ள lookup.icann.org பக்கத்தில் டொமைன் பெயரைத் தட்டினால் போதும் என்று அக்கா மகன்தான் காட்டிக்கொடுத்தான். ரெஜிஸ்ட்ரார் பெயர், காலாவதி தேதி, டொமைனின் நிலை எல்லாம் அங்கே இருந்தன. நிலை என்ற இடத்தில் clientTransferProhibited என்று இருந்ததைப் பார்த்ததும், யாரோ முடக்கிவிட்டார்கள் என்று பதறினேன். "மாமா, அது நல்லதுதான். யாரும் வேற கம்பெனிக்கு மாத்திடக் கூடாதுன்னு போட்ட பூட்டு" என்றான். பயப்பட வேண்டியது redemptionPeriod, pendingDelete என்று வந்தால்தானாம்.

உரிமையாளர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் விவரம் மறைக்கப்பட்டது என்று இருந்தது. ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் 2018-இல் அமலுக்கு வந்ததிலிருந்து இப்படித்தான். அதற்கு முன்பு யார் வேண்டுமானாலும் என் முகவரியைப் பார்த்திருக்கலாம். இப்போது நானே பார்க்க முடியாது. ஆகவே 2009-இல் படிவத்தில் என்ன எழுதினேன் என்று ஞாபகத்திலிருந்துதான் தோண்டவேண்டியிருந்தது. தோண்டத் தோண்ட வெட்கம்தான் வந்தது.

படிவத்தில் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு கட்டங்கள். நம் ஊர்க்காரன் லாஸ்ட் நேமில் என்ன போடுவான்? இன்ஷியலைப் போட்டேன், 'R' என்று ஒற்றை எழுத்து. பாஸ்போர்ட்டிலோ அப்பாவின் பெயர் முழுசாக விரிந்து நிற்கிறது. தொலைபேசி என்ற இடத்தில் துண்டித்த லேண்ட்லைன். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நிறுவனம் என்று ஒரு கட்டம் இருந்தது, கட்டாயம் இல்லை, காலியாக விட்டிருக்கலாம். எனக்கு அன்று ஒரு பதிப்பகம் தொடங்கும் கனவு. பெயர் வைத்தாயிற்று, ஒரு புத்தகம்கூடப் போட்டதில்லை, எங்கும் பதிவு செய்ததில்லை. அந்தப் பதிப்பகத்தின் பெயரை அங்கே எழுதிவைத்தேன், ஒரு கம்பீரத்துக்காக.

ரெஜிஸ்ட்ராரின் முதல் பதில் வந்தபோதுதான் அந்தக் கம்பீரத்தின் விலை தெரிந்தது. நிறுவனம் என்ற கட்டம் நிரப்பப்பட்டிருந்தால் டொமைன் அந்த நிறுவனத்துக்கே சொந்தம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பதிப்பகத்தின் பதிவுச் சான்றிதழும், லெட்டர்ஹெட்டில் பொறுப்பாளர் கையெழுத்திட்ட கடிதமும் வேண்டும் என்றார்கள். இல்லாத கம்பெனியின் பெயரில் கிரயம் செய்துவிட்டு, பட்டா கேட்டு அலைபவன்போல நின்றேன். ஒரு லெட்டர்ஹெட் அடித்துவிடலாமா என்று அரை நாள் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா மகன் ஒரே வாக்கியத்தில் நிறுத்தினான்: "அது பேரு போர்ஜரி, மாமா."

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று புலம்பினேன். பிறகு sex.com வழக்கைப் பற்றிப் படித்ததும் புலம்பல் அடங்கிவிட்டது. அந்தப் பெயரை கேரி கிரெமன் என்பவர் 1994-இல் தன் தொழிலான ஆன்லைன் கிளாசிஃபைட்ஸ் பெயரில் பதிந்து, தொடர்புக்குத் தன்னைக் குறிப்பிட்டிருந்தார். 1995-இல் ஸ்டீபன் கோஹன் என்ற மோசடிக்காரர், அதே கம்பெனி எழுதியதுபோல ஒரு போலிக் கடிதத்தை, அன்று .com பெயர்களைப் பதிந்துகொண்டிருந்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸுக்கு அனுப்பினார். கிரெமனை வேலையை விட்டு நீக்கிவிட்டோம், டொமைனைக் கோஹனுக்குக் கொடுத்துவிட்டோம் என்பது அதன் சாரம். எங்களுக்கு நேரடி இணைய இணைப்பு இல்லை, அதனால்தான் கோஹன் மூலம் தெரிவிக்கிறோம் என்றும் அதில் இருந்தது. பெயரிலேயே ஆன்லைன் வைத்திருக்கும் கம்பெனிக்கு இணையம் இல்லையாம். அதையும் நம்பி, கிரெமனை ஒரு வார்த்தை கேட்காமல் பெயரை மாற்றிவிட்டார்கள். வழக்காடி அவர் அதை மீட்க 2000 ஆயிற்று. 2001-இல் கோஹன் 6.5 கோடி டாலர் தரவேண்டும் என்று தீர்ப்பானது. ஆள் நாட்டை விட்டே ஓடிவிட்டார். கடிதத்தை நம்பி மாற்றிக்கொடுத்த கம்பெனியும் பதில் சொல்ல வேண்டியவர்தான் என்று 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

என் கடிதத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கம்பெனியின் பெயர், பழைய முகவரி வேலை செய்யவில்லை என்ற சாக்கு, புது முகவரிக்கு மாற்றச் சொல்லும் அவசரம். கோஹன் என்னைவிட நன்றாக எழுதியிருந்தார்.

"நீங்க யாருன்னு அவங்க கேக்கல மாமா. அந்தப் படிவத்தை நிரப்பினது நீங்கதானான்னு கேக்கறாங்க" என்றான் பையன். அதன்பிறகுதான் கடிதம் திருந்தியது. உணர்ச்சியை எல்லாம் வெட்டினேன். டொமைன் பெயர், கணக்கின் பயனர் பெயர், வேலை செய்யாத பழைய முகவரி, அது ஏன் நின்றது என்று ஒரு வரி, புது முகவரி. பிறகு, அந்தப் படிவத்தை நிரப்பியவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடியவை: வாங்கிய வருடத்து ரசீதின் எண், கடைசியாகப் பணம் போன தேதி, அந்தக் கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள். முழுக் கார்டு எண்ணையும் முதல் வரைவில் எழுதியிருந்தேன். பையன் தலையில் அடித்துக்கொண்டான்.

அப்பாவைப் பற்றிய பத்தி ஒரு வாக்கியமானது: எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, 'R' என்பது அப்பா பெயரின் முதல் எழுத்து, இணைத்துள்ள பான் கார்டில் அப்பாவின் பெயர் தனியாக அச்சாகியிருக்கிறது. பாஸ்போர்ட்டையும் பான் கார்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்த ஒற்றை எழுத்து யாரென்று விளங்கிவிடும். பதிப்பகம் விஷயத்தில் உண்மையையே எழுதிக் கையெழுத்திட்டேன். அப்படி ஒரு நிறுவனம் பதிவு செய்யப்படவே இல்லை, அந்தப் பெயரை எழுதியவன் நானே, பணம் கட்டிய கார்டு என் பெயரில் இருக்கிறது, வங்கிக் கணக்கு அறிக்கை இத்துடன். என் பதிப்பகக் கனவுக்கு நான் எழுதிய மரணச் சான்றிதழும் அதுதான். கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்று: கணக்கின் மின்னஞ்சலை மாற்றுங்கள், டொமைனை எங்கும் மாற்ற வேண்டாம். கேட்பது சிறிதாக இருந்தால் சந்தேகமும் சிறிதாக இருக்கும்.

இதற்கிடையில் காலாவதி தேதி நெருங்கியது. அன்றைக்கே பெயர் போய்விடும் என்று தூக்கம் கெட்டேன். அப்படி இல்லை. .com பெயரைக் காலாவதிக்குப் பிறகும் 45 நாள் வரை ரெஜிஸ்ட்ரார் வைத்திருக்கலாம். ஆனால் அதற்குள்ளேயே ஏலம் விடுகிறவர்களும் உண்டு. அழித்துவிட்டால் 30 நாள் மீட்புக் காலம், அப்போது தனியாகக் கட்டணம் கட்டவேண்டும். கடைசி 5 நாளில் யாராலும் எதுவும் செய்ய முடியாது, அதன்பின் முந்துகிறவருக்குப் பெயர். கணக்கில் நுழையாமலே புதுப்பிப்புப் பணம் கட்ட விடும் ரெஜிஸ்ட்ரார்களும் இருக்கிறார்கள். என்னுடையவர் அப்படி என்று அவர்களே சொன்னதும் கட்டிவிட்டேன். அதனால் உரிமை வந்துவிடாது, கால அவகாசம் மட்டும் வரும்.

கணக்கு திரும்பக் கிடைத்தது. கிடைத்த வேகத்தில், இந்தக் கம்பெனியே வேண்டாம் என்று வேறு இடத்துக்கு மாற்றப் பார்த்தேன். முடியவில்லை. உரிமையாளர் விவரத்தில் பெயரையும் மின்னஞ்சலையும் அப்போதுதான் திருத்தியிருந்தேன். அதற்குப் பிறகு 60 நாள் இடமாற்றம் கிடையாது என்பது விதி. கணக்கின் மின்னஞ்சல் வேறு, உரிமையாளர் விவரத்தில் உள்ள மின்னஞ்சல் வேறு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவதை மாற்றினால் சரிபார்க்க ஓர் அஞ்சல் வரும். 15 நாளுக்குள் அதைச் சொடுக்காவிட்டால் டொமைனை நிறுத்திவைக்கலாம். அது ஸ்பாம் பெட்டியில் கிடந்தது. இணையதளம் படுத்துவிட்டது என்று ரெஜிஸ்ட்ராருக்கு நான் எழுதிய அடுத்த கடிதத்தை இங்கே தர விருப்பமில்லை.

உங்கள் பெயரில் ஒரு டொமைன் இருந்தால், கணக்குக்குள் போய் மின்னஞ்சல் இரண்டையும் பாருங்கள். அவற்றில் ஒன்று அந்த டொமைனிலேயே முடிகிற முகவரியாக இருந்தால், டொமைன் நிற்கும் நாளில் அதுவும் நின்றுவிடும்; மாற்றிவிடுங்கள். முதல் ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள். நிறுவனம் என்ற கட்டத்தில் நிறுவனம் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.