வயது வரம்பு இல்லை, வாரத்துக்கு 23 மணி நேரம் உண்டா?

அத்திப்பட்டில் நாற்பதைத் தாண்டிய ஓர் ஆள் கண்ணாடி மாட்டிக்கொண்டு நோட்டும் பேனாவுமாக வாசலில் உட்கார்ந்தால், ஒன்று சீட்டு பிடிக்கிறான், இல்லையென்றால் கடன்கணக்குப் பார்க்கிறான் என்றுதான் தெரு நினைக்கும். நான் பி.ஏ. படிக்கிறேன் என்றதும் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "எதுக்குப்பா இப்போ? உனக்கு மறுபடியும் பொண்ணு பாக்குறாங்களா?"

இக்னோவில் பி.ஏ. சேர மேல் வயது வரம்பு இல்லை. இது தெரிந்ததும் நான் குதித்த குதியில் முட்டியே ஒரு வரம்பை அறிவித்தது. வயதைவிடப் பெரிய வரம்பு +2 சான்றிதழ். எங்கள் கிடங்கில் ஓர் அண்ணன் +2 தொடாமலே திறந்தநிலையில் பட்டம் வாங்கியவர். பத்தாவது, +2 முடித்த பிறகு வாங்கும் திறந்தநிலைப் பட்டம்தான் அரசு வேலைக்குச் செல்லும் என்று 2009-இல் தமிழக அரசு ஆணை போட்டுவிட்டது. அவர் பட்டத்தை வீட்டுச் சுவர் மட்டும்தான் ஏற்றுக்கொண்டது. நல்லவேளை, என் +2 சான்றிதழ் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

சேர்ந்த பிறகுதான் கையேட்டைப் படித்தேன். ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு. மூன்றாண்டு பி.ஏ.வுக்கு 120 கிரெடிட். பெருக்கினால் 3,600 மணி நேரம். மூன்றாண்டில் முடிக்க வேண்டுமென்றால் வாரத்துக்கு 23 மணி நேரம். வாரத்தில் எனக்கென்று அவ்வளவு நேரம் கடைசியாக இருந்தது கல்யாணத்துக்கு முன்பு.

கிடைக்கிற நேரத்தைத் தேடினேன். தண்டையார்பேட்டைக் கிடங்குக்குக் கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில்தான் போய்வருகிறேன். போக வர சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல், வாரத்துக்கு ஆறு நாள். உட்கார இடம் கிடைத்தால் ஏறக்குறைய ஏழு மணி நேரம் தேறும். ஆனால் இறையாண்மை என்றால் என்ன என்ற பாடத்தை அத்திப்பட்டு புதுநகரில் திறந்தால், எண்ணூரில் "என்னா சார், எக்ஸாமா?" என்று ஒருவர் கேட்பார். கத்திவாக்கத்தில் அவர் பையனின் நீட் மார்க் வரும். விம்கோ நகரில் கூட்டம் ஏறி, என் புத்தகம் யாரோ ஒருவரின் டிபன் பைக்கும் என் மூக்குக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். திருவொற்றியூர் வருவதற்குள் இறையாண்மை யாரிடமும் இருக்காது.

இரவில் படிக்கலாம் என்றால், ஜன்னலைத் திறந்தால் அனல்மின் நிலையச் சாம்பல், மூடினால் புழுக்கம், இரண்டுக்கும் நடுவில் தூக்கம். பத்தாவது படிக்கும் மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "அப்பா, ஒரே பக்கத்துலயே எவ்ளோ நேரம்பா இருப்பே?" என்பாள். நானும் முன்பு அவளிடம் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உண்மையில் ஆளை வீழ்த்துவது தேர்வு அல்ல, அசைன்மென்ட். மதிப்பெண்ணில் 30 பங்கு அதற்கு, 70 பங்கு தேர்வுக்கு. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். அசைன்மென்ட்டைக் கையால்தான் எழுத வேண்டும். வவுச்சரில் கையெழுத்துப் போடுவதோடு நின்றுபோன கை, நாலு பக்கத்தில் கோணிப்போனது. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வரும். அதற்கு முன்பே அசைன்மென்ட்டைப் படிப்பு மையத்தில் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் தேர்வை மட்டும் எழுதித் தேறினால், இணையத்தில் மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாடத்துக்கு நேரே NOT COMPLETED என்று நிற்கும். தேர்வு மார்க் வீணாகாது. அசைன்மென்ட்டைக் கொடுத்துத் தேறினால் சரியாகிவிடும். ஆனால் கெடு தாண்டிவிட்டால் பழைய கேள்விகள் செல்லாது, புதுக் கேள்வித்தாளை எடுத்து முதலிலிருந்து எழுத வேண்டும். என் பட்டியலில் அந்த இரண்டு ஆங்கில வார்த்தைகளை எட்டிப் பார்த்த என் மனைவி, "இது எனக்குக் கல்யாணமான வருஷமே தெரியும்" என்றாள்.

பணம் கட்டுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு ஒருமுறை. தேர்வுக் கட்டணம் தனி, அதுவும் பாடத்துக்கு இவ்வளவு என்று. தேறாத பாடத்தை மறுபடி எழுதினால் அதை மறுபடி கட்ட வேண்டும். ஆசையில் எல்லாப் பாடத்துக்கும் பணம் கட்டிவிட்டுப் பாதிக்குப் போகாமல் இருப்பதைவிட, படித்த பாடத்துக்கு மட்டும் கட்டுவது மேல். வீட்டுக் கணக்கு நோட்டில் என் மனைவி இதற்கு "பெரிய பையன் படிப்பு" என்று தனித் தலைப்புப் போட்டிருக்கிறாள். எங்களுக்கு இருப்பது ஒரே மகள்.

இதே பி.ஏ.வை முடிக்க அதிகபட்சம் ஆறாண்டு தருகிறார்கள். அப்படிப் பரப்பினால் வாரத்துக்குப் பதினொன்றரை மணி நேரம் போதும். ரயிலில் ஏழு போக மீதி நாலரையை ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புக்கு முன்பே முடித்துவிடலாம், பின்பு முடியாது.

ஆகவே நாற்பதுக்கு மேல் விண்ணப்பம் போடப் போகிறவர்களே, முதலில் +2 சான்றிதழைத் தேடி எடுங்கள். மூன்றாண்டில் முடிப்பேன் என்று யாரிடமும், குறிப்பாக மனைவியிடம், வாக்குக் கொடுக்காதீர்கள்.