பதினாறா, பத்தொன்பதா?

கேள்வி: ஜூன் 12-ல் வேலைக்குச் சேர்ந்தேன். மாதச் சம்பளம் 30,000 ரூபாய். முதல் பே-ஸ்லிப்பில் 16,000 என்று போட்டு, பிஎஃப் 1,800 பிடித்திருக்கிறார்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ?
- புதுமுகம், ஈரோடு

பதில்: நினைக்கட்டும். முதலில் ஸ்லிப்பின் தலையில் 'சேர்ந்த தேதி' என்ன என்று பாருங்கள். அநேகமாக 15 என்றிருக்கும். அப்பாயின்ட்மென்ட் லெட்டர், ஐடி கார்டு எல்லாம் வந்து சேர மூன்று நாள் ஆனதால், அன்றுதான் நீங்கள் பிறந்ததாக ஹெச்.ஆர். முடிவு செய்திருப்பார்! 12 முதல் 30 வரை 19 நாள். முப்பது நாள் கணக்கில் 19,000 வரவேண்டும்.

பிஎஃப் இன்னும் வேடிக்கை. உங்கள் பேசிக் 15,000, அதற்கு மட்டும்தான் 12 சதவீதம் பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முழு மாதத்துக்கு 1,800. நீங்கள் சம்பாதித்த பேசிக்கோ 9,500தான். அதற்கு 1,140 போதும். சம்பளத்தில் மட்டும் நாளை எண்ணிவிட்டு, பிடித்தத்தில் எண்ண மறந்துவிட்டார்கள். மறதிகூட எப்போதும் ஒரே பக்கம்தான் சாய்கிறது, பாருங்கள். படிகளையும் இதே 19/30 கணக்கில் சரிபாருங்கள்.

லீவையும் விடாதீர்கள். 15-க்குள் சேர்ந்தால் அந்த மாத லீவு உண்டு, தாண்டினால் இல்லை என்று சில இடங்களில் விதி. தேதி இன்னும் ஒரு நாள் பிசகினால் அதுவும் போச்சு. சேர்ந்த நாளின் வருகைப் பதிவை இணைத்து மெயில் போடுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். திருத்தம் அடுத்த மாத ஸ்லிப்பில் 'அரியர்ஸ்' என்று வரும். பிஎஃப் கணக்கிலும் சேர்ந்த தேதியைப் பார்த்துவிடுங்கள்.