கேள்விக்குறிக்கு ஒரு கட்டம் கொடுங்கள்

பெறுநர்: கணக்குப் பிரிவு மேலாளர் அவர்கள், பயணப்படி மேசை.
பொருள்: வெளுத்துப்போன பெட்ரோல் ரசீதில் ‘விடுபட்ட இலக்கங்களைப் பூர்த்தி செய்து’ மீண்டும் அனுப்புதல் தொடர்பாக.
பார்வை: தங்கள் ஒப்புகைச் சீட்டு எண் 2?[1/7]4. (அதுவும் தெர்மல் பேப்பர்தான்.)

ஐயா,

என் ஜூலை 2023 ரசீதைத் தாங்கள் பதினொரு மாதம் பத்திரமாக வைத்திருந்து திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். எவ்வளவு பத்திரம் என்றால், பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மேலே செல்லோடேப் ஒட்டி, ஜன்னலோர அலமாரியில் வைத்திருக்கிறீர்கள். தெர்மல் பேப்பரில் மை கிடையாது. நிறமற்ற ஒரு சாயமும் அதைக் கருக்க வைக்கும் ஒரு பொருளும் பூச்சில் கலந்திருக்கும். பிரிண்டரின் சூடு பட்ட இடத்தில் மட்டும் இரண்டும் சேர்ந்து எழுத்தாகும். மென்மையான பிளாஸ்டிக்கிலும் டேப்பின் பசையிலும் உள்ள சில பொருட்கள் அந்தச் சேர்க்கையைப் பிரித்துவிடும். வெயிலும் தன் பங்குக்கு வெளுக்க வைக்கும். தங்கள் பாதுகாப்பில் குறையொன்றுமில்லை. பாதுகாக்கப்பட்டதுதான் காணாமல் போயிற்று.

சக ஊழியர் ஒருவர், ரசீதின் பின்புறம் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் எழுத்து திரும்பி வரும் என்றார். தம் ரசீதில் வைத்தும் பார்த்தார். வந்தது; எழுத்து மட்டுமல்ல, தாள் முழுவதுமே கறுத்து வந்தது. நான் அந்த வழியில் போகவில்லை. பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் படம் எடுத்தேன். வெளுத்த எழுத்து மஞ்சளாக நின்றதால், படத்தின் நீல அடுக்கை மட்டும் தனியாகப் பிரித்து, அதன் கருமையைக் கூட்டினேன். கிடைத்தது இவ்வளவு:

```
BILL NO  470?
DATE     1?-07-2023
RATE     102.63
VOLUME   1?.62
AMOUNT   1?00.00
```

‘மங்கலாக உள்ளது, சரியான தொகையை எழுதவும்’ என்ற தங்கள் சிவப்பு மை ஆணைக்கிணங்க, தொகையிலிருந்தே தொடங்குகிறேன். நான் எப்போதும் முழு நூறுகளாகத்தான் போடச் சொல்வேன். ரசீதிலும் கடைசி இரண்டு பூஜ்யம் தெளிவாக இருக்கிறது. ஆகவே 1000 முதல் 1900 வரை பத்தே தொகைகள். ஒவ்வொன்றையும் 102.63ஆல் வகுத்தேன். 1300க்கு 12.67 லிட்டர், 1800க்கு 17.54, 1500க்கு 14.62. பத்தில் .62 என்று முடிவது 1500 ஒன்றுதான். ஆகவே தொகை 1[5]00.00, அளவு 1[4].62. சதுர அடைப்புக்குள் இருப்பது நான் கண்ணால் கண்டதல்ல, கணக்கால் கண்டது. அடைப்பை நீக்கிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். தணிக்கையாளர் வரும் நாளில் எது தாளில் இருந்தது, எது என் மூளையில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

பில் எண்ணின் கடைசி இலக்கம் வேறு கதை. முதலில் பார்த்தவுடன் 3 என்று தோன்றியது, எழுதவும் போனேன். பிறகுதான் அந்த இலக்கத்தின் இடப்பக்கம் வழியாக ஒரு வெள்ளைக் கோடு மேலிருந்து கீழ்வரை ஓடுவதைக் கவனித்தேன். கீழ் வரிகளில் அதே நேரில் வரும் இலக்கங்களும் இடப்பக்கக் கோட்டை இழந்திருந்தன. பிரிண்டர் தலையில் சில புள்ளிகள் செத்திருந்தால் இப்படித்தான் தாள் நீளத்துக்கும் கோடு விழும். அங்கே ஓர் 8 விழுந்தாலும் 3 போலத்தான் தெரியும். இடப்பக்கம் வெறுமையாக இருப்பது அங்கே எதற்கும் சாட்சியல்ல. ஆகவே 470[3/8]. அடுத்த பில்லின் எண்ணோ பங்க்காரரின் பதிவோ கிடைத்தாலொழிய, இதற்கு மேல் நகர்வது துணிச்சல், வாசிப்பு அல்ல.

தேதியை அப்படி இரண்டாகக் குறுக்கவும் வழியில்லை. விலையை வைத்து நாளைப் பிடிக்கலாமா என்று பார்த்தேன். பெட்ரோல் விலை மாதக்கணக்கில் அசையாமல் நின்ற காலம் அது. 10ஆம் தேதியும் 19ஆம் தேதியும் விலையில் ஒன்றே. ஆகவே 1?, அவ்வளவுதான்.

இதை அப்படியே தங்கள் படிவத்தில் தட்டினேன். ‘எண்களை மட்டும் உள்ளிடவும்’ என்றது. 15 என்று தட்டினேன். பச்சை டிக் வந்தது. 11 என்று மாற்றினேன். அதற்கும் பச்சை டிக். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் படிவம் சிவக்கிறது, புளுகினால் பச்சையாகச் சிரிக்கிறது.

என் கோரிக்கை சிறியது. அந்தக் கட்டத்தில் ?, [ ], / ஆகிய மூன்றையும் அனுமதியுங்கள். ரசீது வந்த அன்றே ஒரு படம் எடுத்துக்கொண்டு, அசலைக் காகித உறையில், இருட்டில் வையுங்கள். அதுவரை என் தொகை 1[5]00 நிலுவையில் இருக்கட்டும். பணம் தரும்போது மட்டும் அடைப்புக்குறியை நீக்கிவிட்டுத் தரலாம், ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
தங்கள் கள ஊழியர்