வண்ணப் பேனாவும் தாத்தாவின் முழங்காலும்

பொதுத்தேர்வு நெருங்க நெருங்க கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு வகை மாணவர்கள் பெருகிவிடுவார்கள். ஒருவன் திண்ணையில் சம்மணம் போட்டு, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, நாலு வீடு கேட்கப் படிக்கிறவன். இவனை நமக்குத் தெரியும். இவன் அப்பாவும் இப்படித்தான் படித்தார். இன்னொருவன் சத்தமே போடமாட்டான். முன்னால் ஒரு சார்ட் பேப்பர், பக்கத்தில் பன்னிரண்டு கலர் ஸ்கெட்ச் பேனா, காதில் ஒரு பென்சில். ஏதோ மேகமலைக்கே எல்லைக்கோடு போடுகிறவன் மாதிரி முகத்தில் ஒரு கவலை. "என்னடா படிக்கிற?" என்று கேட்டுவிடாதீர்கள். "படிக்கல சார், மைண்ட் மேப் போடுறேன்" என்பான். படிப்பது வேறு, மேப் போடுவது வேறு என்பதை அவனே இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்ட பிறகு நாம் என்ன சொல்ல?

சின்னமனூரில் நான் மாலை நேரத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வருஷத்துக்கு இரண்டு பேராவது இந்த வரைபடக்காரர்கள் வந்து சேருவார்கள். முகம் மாறும், பேனா மாறாது. இவர்கள் எல்லாரையும் சேர்த்து ஒருவனாக்கி இங்கே எழுதுகிறேன்.

இவன் எடுத்துக்கொள்ளும் முதல் பாடம் எப்போதும் இயக்க விதிகள்தான். காரணம் ஒன்றும் பெரிதல்ல, புத்தகத்தில் அதுதான் முதல் பாடம். நடுவில் மேகம் மாதிரி ஒரு வட்டம், அதற்குள் "விசையும் இயக்கமும்". அந்த மேகத்துக்கு நீலத்தில் ஒரு கரை, அதற்கு வெளியே ஊதாவில் இன்னொரு கரை. மேலே ஒரு ஆப்பிள். ஆப்பிளுக்கு ஐந்து இலை, ஐந்திலும் நரம்பு. "கம்பத்துப் பையன், பன்னீர் திராட்சை வரையக்கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன். "திராட்சை விழுந்தா நியூட்டனுக்கு உறைக்காது சார்" என்றான். பதில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதல் நாள் மாலை ஆப்பிளோடு முடிந்துவிட்டது.

இவனைக் குறை சொல்வதற்கு முன்னால் வரைபடத்தின் வம்சாவளியையும் சொல்லிவிடவேண்டும். நடுவில் ஒரு சொல், சுற்றிலும் கிளை, கிளைக்கு ஒரு நிறம் என்று இதைப் பிரபலமாக்கியவர் இங்கிலாந்துக்காரர் டோனி புசான். 1974இல் பிபிசி தொலைக்காட்சியில் வந்த அவருடைய தொடருக்குப் பிறகு இது உலகம் முழுக்கப் பரவியது. கிட்டத்தட்ட அதே காலத்தில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் என்பவர் குழுவோடு இன்னொரு வரைபடத்தை உருவாக்கினார். அதற்குப் பெயர் கருத்து வரைபடம். அதில் நிறம் முக்கியமில்லை. இரண்டு கருத்துகளைக் கோடு போட்டு இணைத்தால், அந்தக் கோட்டின் மேல் ஒரு சொல் எழுதியாகவேண்டும்: "ஆகிறது", "உண்டாக்குகிறது", "பெருக்கினால் கிடைக்கும்" என்கிற மாதிரி. நம் அரசு நடுநிலைப் பள்ளிகளுக்கு 2007ஐ ஒட்டி படைப்பாற்றல் கல்வி வந்தபோது மனவரைபடமும் கூடவே வந்தது. பாடத்தை வாசித்துவிட்டுப் பிள்ளைகள் தாங்களே வரையவேண்டும் என்பது அதில் ஒரு படி. இப்போது பத்தாம் வகுப்புப் படிக்கிறவனின் அக்காவோ சித்தியோ அப்படி வரைந்திருப்பாள். இவன் வீட்டில் பேனா பிடிக்கும் கை பரம்பரையாக வந்தது. கோட்டின் மேல் சொல் எழுதும் பழக்கம்தான் வழியில் எங்கோ இறங்கிக்கொண்டது.

மூன்று நாள் கழித்து மேப் முடிந்தது. விரித்தான். தேனிச் சந்தையில் வளையல் கடை விரித்த மாதிரி இருந்தது. சிவப்புக் கிளையில் முதல் விதி, நிலைமம். பச்சையில் இரண்டாம் விதி, F = ma. மஞ்சளில் மூன்றாம் விதி. வலது மூலையில் தனிக்குடித்தனம் போன மருமகள் மாதிரி, கணத்தாக்கு. இடது மூலையில் உந்தம், p = mv. மூலைக்கு மூலை எடுத்துக்காட்டு: பஸ், மாட்டுவண்டி, ராக்கெட்.

"பஸ்னு மூணு இடத்துல எழுதியிருக்கியே, மூணும் ஒரே பஸ்ஸா?"

"குமுளி பஸ் சார். நிலைமம் மூணு வகை, அதுக்கு மூணு பஸ்."

விஷயம் சரிதான். லோயர் கேம்ப்பில் நிற்கிற பஸ் சட்டென்று கிளம்பினால் நாம் பின்னால் சாய்கிறோம். அது ஓய்வில் நிலைமம். டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் முன் சீட்டுக் கம்பியில் நெற்றி இடிக்கிறது. அது இயக்கத்தில் நிலைமம். கொண்டை ஊசி வளைவில் பக்கத்து சீட்டுக்காரர் நம் மடிக்கு வந்துவிடுகிறார். அது திசையில் நிலைமம். ஆனால் மேப்பில் வெறும் "பஸ்" மட்டும் இருந்தது. தேர்வு அறையில் அது கிளம்பிய பஸ்ஸா, நின்ற பஸ்ஸா, திரும்பிய பஸ்ஸா என்று இவனுக்கு எப்படி நினைவு வரும்? கோட்டின் மேல் "கிளம்பும்போது" என்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தால் போதும். இடமில்லையாம். இடத்தையெல்லாம் ஆப்பிள் இலை எடுத்துக்கொண்டது.

மாட்டுவண்டியில் இன்னும் பெரிய வம்பு. எங்கள் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று பிரிவு பிரிவாக ஓடும். அதையே மூன்றாம் விதிக்கு எடுத்துக்காட்டாகப் போட்டு, மாட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் இரண்டு பக்கமும் முனை வைத்த ஒரே அம்பு வரைந்திருந்தான். பின்வரிசைப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "மாடு வண்டிய எம்புட்டு இழுக்குதோ, வண்டியும் மாட்ட அம்புட்டு இழுக்குதுன்னா, ரெண்டும் கழிஞ்சுபோகும்ல? பெறகு வண்டி எப்பிடி ஓடுது?"

வரைபடக்காரன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். "மேப்ப அப்பிடி வரைஞ்சா ஓடாதுதான்" என்றேன்.

அந்த இரண்டு விசையும் ஒரே பொருளின் மேல் இல்லை. ஒன்று வண்டியின் மேல், மற்றது மாட்டின் மேல். வெவ்வேறு ஆளுக்குக் கொடுத்த கடனை ஒரே கணக்கில் கழிக்க முடியாது. வண்டியை மட்டும் தனியாகப் பார்த்தால், மாடு முன்னால் இழுப்பது சக்கரத்தின் உராய்வைவிட அதிகம். அதனால் வண்டி வேகமெடுக்கிறது. மாட்டைத் தனியாகப் பார்த்தால், அது குளம்பால் தரையைப் பின்னால் உதைக்கிறது, தரை மாட்டை முன்னால் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் வண்டியின் பின்னிழுப்பைவிட அதிகமாக இருக்கும்வரை மாடும் வேகமெடுக்கும். சேற்றில் குளம்பு வழுக்கினால் தரையின் தள்ளல் போச்சு, பந்தயமும் போச்சு. ஆகவே மூன்றாம் விதிக்கு அம்பு போடுகிறவன் ஒவ்வொரு அம்பின் மேலும் "எது, எதை" என்று எழுதவேண்டும். "மாடு வண்டியை", "வண்டி மாட்டை", "குளம்பு தரையை", "தரை குளம்பை". நாலு அம்பு, நாலு சொற்றொடர். இவன் இரண்டு முனை வைத்து ஒரு அம்பில் சிக்கனம் பண்ணிவிட்டான். மேகத்துக்கு மட்டும் இரண்டு கரை.

ஆனால் அந்த மேப்பின் உண்மையான ஓட்டையைக் கண்டுபிடித்தவர் நானில்லை, இவனுடைய தாத்தா. நாற்பது வருஷம் வாழைத்தார் லோடு ஏற்றி இறக்கியவர். பேரனைக் கூட்டிப்போக வந்தவர், சார்ட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரசித்தார்.

"இது என்னய்யா, கணத்தாக்கு? யாரு யாரைத் தாக்குறது?"

பேரன் ஒப்பித்தான்: "விசையையும் நேரத்தையும் பெருக்குனா கணத்தாக்கு, தாத்தா."

"அதுக்கும் இந்தப் பச்சைக்கும் கோடு இல்லையே. சண்டையா?"

சண்டை இல்லை. அந்தக் கோடுதான் பாடமே. நான் தாத்தாவிடம் கேட்டேன்: "லாரி மேல இருந்து தார் விட்டா எப்பிடிங்கய்யா வாங்குவீங்க?"

அவர் எழுந்து நின்று செய்துகாட்டினார். தோளில் துண்டை மடித்துப் போட்டார். தார் வந்து உட்கார்ந்ததாக வைத்துக்கொண்டு, முழங்காலை மெதுவாக மடக்கி இறங்கினார். "வெறைப்பா நின்னா தோள் எறங்கிரும்யா. தாரோட சேந்து நாமளும் எறங்கணும்."

கணக்குப் போட்டோம். தார் 20 கிலோ. தோளுக்கு 0.8 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது என்று வைப்போம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்தால் தோளைத் தொடும்போது வேகம் வினாடிக்கு 4 மீட்டர். உந்தம் 20 × 4 = 80. இந்த 80 எப்படியும் பூஜ்யமாகவேண்டும், அதில் தாத்தாவுக்குச் சலுகை கிடையாது. நேரம் மட்டும்தான் அவர் கையில், இல்லை, காலில். விறைப்பாக நின்றால் தார் நான்கு சென்டிமீட்டருக்குள் நிற்கும். ஆகும் நேரம் 0.02 வினாடி. நிறுத்தும் விசை 80 ÷ 0.02 = 4000 நியூட்டன். முழங்கால் மடக்கி இருபது சென்டிமீட்டர் இறங்கினால் 0.1 வினாடி, விசை 800 நியூட்டன். இரண்டிலும் தாரின் எடை 200 நியூட்டனைத் தோள் கூடுதலாகத் தாங்கவேண்டும். அதைப் பிள்ளைகள் எப்போதும் மறப்பார்கள். ஆக 4200 எங்கே, 1000 எங்கே?

பேரன் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான். இடது மூலையில் கிடந்த உந்தத்தை நடுவுக்குக் கொண்டுவந்தால் கோடுகள் தாமாக விழுகின்றன. நிறையைத் திசைவேகத்தால் "பெருக்கினால்" உந்தம். உந்தம் மாறும் "வேகம்தான்" விசை; நிறை மாறாதபோது அதுவே F = ma. விசையை நேரத்தால் "பெருக்கினால்" உந்தமாற்றம், அதுதான் கணத்தாக்கு. வெளிவிசை "இல்லையென்றால்" உந்தம் மாறாது. அங்கே முதல் விதி வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தள்ளும்போது சம விசை, எதிர் திசை, ஒரே நேரம். "அதனால்" ஒன்று இழந்த உந்தம் மற்றதுக்குப் போகும், மொத்தம் மாறாது. ராக்கெட் அந்தக் கிளையில் தொங்கும். ஐந்து கோடு, ஐந்து சொல். பேனா ஒன்றே போதும்.

அடுத்து சார்ட்டைச் சுருட்டிப் பரண்மேல் வைக்கச் சொன்னேன். வெள்ளைத்தாள் ஒன்று கொடுத்து, பார்க்காமல் மறுபடி போடச் சொன்னேன். முதல் தடவை நிலைமக் கிளை நிறைந்தது, கணத்தாக்கு மொட்டையாக நின்றது. மொட்டைக் கிளை எதுவோ அதை மட்டும் புத்தகத்தில் வாசித்துவிட்டு, மறுநாள் மறுபடி. மூன்றாவது தடவை பத்து நிமிஷத்தில் முடித்தான். தோற்ற எடைக்கு வீரபாண்டித் திருவிழா ராட்டினத்தை அவனாகவே சேர்த்திருந்தான். கோட்டின் மேல் "உச்சியில் குறையும், அடியில் கூடும்" என்று எழுதியும் இருந்தான். கணக்கு மட்டும் மேப் போட்டு வராது. அதற்குத் தனியாக உட்கார்ந்துதான் ஆகவேண்டும். இதைச் சொன்னபோது அவன் முகம் கரண்ட் போன வீடு மாதிரி ஆகிவிட்டது.

அந்தக் கடைசித் தாளை தாத்தா வாங்கிப் பார்த்தார். மேலே ஆப்பிள் இருந்த இடத்தில் கோணல்மாணலாக ஏதோ இருந்தது.

"இது என்னய்யா, முருங்கைக்காயா?"

"உங்க முழங்கால் தாத்தா."

இவன் திருந்திவிட்டான் என்று நானும் நம்பினேன். மறுநாள் சாயங்காலம் புதுப் பையோடு வந்து நின்றான். உள்ளே நாற்பத்தெட்டு கலர் பென்சில், பசை, ஜிகினாத்தூள்.

"அடுத்த பாடம் ஒளியியல் சார். அதுல நிறப்பிரிகை இருக்கு. ஏழு கலர் கண்டிப்பா வேணும்ல?"