ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பல்கலைக்கழகம்

வேலூரில் 1918-ல் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாருக்குப் பிழைக்கத் தெரியவில்லை. பெண்களைச் சேர்த்தார், பிணத்தை அறுக்கச் சொல்லிக் கொடுத்தார், அரசாங்கப் பரீட்சைக்கு அனுப்பினார். இத்தனைக்கும் பிறகு கிடைத்தது எல்.எம்.பி. என்ற வெறும் உரிமம்தான். எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்க, மதராஸ் பல்கலைக்கழகத்தின் இணைப்புக்காக 1942 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தங்க எழுத்தில் 'யுனிவர்சிட்டி' என்று நாலு சான்றிதழ் அச்சடிக்கும் யோசனை அந்த அம்மாவுக்கு ஏனோ வரவேயில்லை.

சத்தீஸ்கர்காரர்களுக்கு வந்தது. மாநிலம் பிறந்ததே 2000-ல். 2002-ல் தனியார் பல்கலைக்கழகச் சட்டம் ஒன்றைப் போட்டார்கள். அதன் 5-வது பிரிவு பிரமாதமானது. அரசு கெஜட்டில் ஓர் அறிவிப்பு வந்தால் போதும், பல்கலைக்கழகம் பிறந்துவிடும். கட்டடம், நூலகம், வாத்தியார் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏறக்குறைய ஓராண்டில் 112 பல்கலைக்கழகங்கள்! சில, ஒற்றை அறையில் குடியிருந்தன. துணைவேந்தர் எழுந்து நின்றால் பதிவாளர் வெளியே போக வேண்டிய அளவு இடம். ஆனாலும் நாடு முழுக்க எங்கே வேண்டுமானாலும் மையம் திறக்கலாம் என்று சட்டம் தாராளம் காட்டியது.

யு.ஜி.சி.யின் முன்னாள் தலைவரான விஞ்ஞானி யஷ்பால் உச்ச நீதிமன்றம் போனார். 2005 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 5, 6-வது பிரிவுகள் செல்லாது, 112-ம் காலி. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பிள்ளைகளை அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களோடு இணைக்க வழி பாருங்கள் என்றது நீதிமன்றம். நம் ஊருக்கு உதவும் வரி ஒன்றும் தீர்ப்பில் இருந்தது: ஒரு மாநிலச் சட்டத்தால் பிறந்த பல்கலைக்கழகம், அந்தச் சட்டத்தைக் காட்டி மாநில எல்லைக்கு வெளியே கடை விரிக்க முடியாது.

இப்போது ஆம்பூருக்கு வருவோம். ஷூ கம்பெனியில் பத்து வருஷமாக சூப்பர்வைசராக இருக்கும் ஒருவரிடம், மேனேஜராக டிகிரி கேட்கிறார்கள். டீக்கடையில் ஏஜென்ட் ஒருவர் பிரசன்னமாகிறார். "ஒன் சிட்டிங் டிகிரி சார். வடநாட்டு யுனிவர்சிட்டி. 2019-ல சேர்ந்து 2022-ல முடிச்ச மாதிரி வந்துடும். ஐ.எஸ்.ஓ. இருக்கு."

ஐ.எஸ்.ஓ. என்பது நிர்வாக முறைக்குத் தரும் சான்று. பட்டம் தரும் அதிகாரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வி: பட்டம் கொடுக்கும் அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தது? யு.ஜி.சி. சட்டம் 22-வது பிரிவுப்படி மூன்றே வாசல்: நாடாளுமன்றமோ மாநிலச் சட்டமோ அமைத்த பல்கலைக்கழகம், 3-வது பிரிவில் வரும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் தந்த நிறுவனம். யு.ஜி.சி. இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. பக்கத்திலேயே போலிகளின் பட்டியலும் இருக்கிறது. திருச்சி புத்தூர் முகவரியோடு ஒரு சமஸ்கிருதப் 'பல்கலைக்கழகம்' அதில் பல வருஷம் தமிழ்நாட்டின் மானத்தைக் காத்தது.

பெயர் நல்ல பட்டியலில் இருந்தாலும் வேலை முடியவில்லை. உண்மையான பல்கலைக்கழகத்தின் பெயரில் போலிச் சான்றிதழ் அடிப்பவர்களும் உண்டே. தொலைநிலைப் படிப்பு என்றால், சேர்ந்ததாகச் சொல்லும் அந்த வருஷத்தில், அந்தப் பாடத்துக்கு யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் அனுமதி இருந்ததா என்று பார்க்க வேண்டும். ஒரு வருஷம் இருந்த அனுமதி அடுத்த வருஷம் இல்லாமல் போகலாம். கடைசியாக, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுதி உண்மைத்தன்மைச் சான்று கேட்க வேண்டும். முகவரியைச் சான்றிதழில் இருந்து எடுக்கக் கூடாது. அங்கே இருப்பது ஏஜென்டின் மச்சான் போன் நம்பராக இருக்கும். மச்சான் "ஜெனூயின் சார்" என்பார்.

சரி, பிடிபட்டால் என்ன அபராதம்? 1996-ல் வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், பாலாற்றைப் பாழாக்கிய தோல் தொழிற்சாலைகள் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம் கட்ட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. போலிப் பட்டம் கொடுத்தால், 1956-ல் எழுதிய யு.ஜி.சி. சட்டத்தின் 24-வது பிரிவுப்படி அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். ஜெயிலில் போட வேண்டுமென்றால் போலீஸ் மோசடி வழக்கைத்தான் தேட வேண்டும். ஏஜென்ட் அட்வான்ஸாக வாங்குவதே அந்த ஆயிரத்தைவிட அதிகம். அபராதத்தைக் கட்டிவிட்டு, மிச்சத்தில் அதே டீக்கடையில் நமக்கும் ஒரு டீ சொல்வார்.